அக்காவின் மருத்துவக் காப்பீட்டை வேறு நிறுவனத்துக்கு மாற்றுகிறோம்: கழிந்த மூன்று வருடக் காத்திருப்பு கணக்கில் வருமா?

நோர்வூட் டீச்சர் · 3 ஜூலை 2025

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தின் ஒரு பாதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் நீலகிரிக்குப் போனது. மூத்த அக்காவும் அத்தானும் இன்று கோத்தகிரியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களையெல்லாம் படம் பிடித்து எனக்கு அனுப்புவார்கள்; படித்து விளக்கிச் சொல்வது என் வேலை. இந்தக் கேள்வியும் அப்படி வந்ததுதான்.

அக்கா 20 ஜூலை 2022இல் ஓர் இந்திய நிறுவனத்தில் மூன்று இலட்சம் இந்திய ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுத்தார். சீனி வருத்தம் அப்போதே இருந்தது, அதைப் படிவத்திலும் எழுதியிருந்தார். முன்பே இருந்த நோய்க்கு 36 மாதம் காத்திருக்க வேண்டும் என்று பத்திரத்தில் உள்ளது. கடந்த வருடம், 20 ஜூலை 2024இல், அத்தானும் அதே பாலிசியில் சேர்க்கப்பட்டார். இதுவரை ஒரு கோரிக்கையும் வைக்காததால் போனஸாக 60,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. பாலிசி இம்மாதம் 19ஆம் திகதி நள்ளிரவோடு முடிகிறது.

அக்காவின் முழங்கால் தேய்ந்துவிட்டது. கோயம்புத்தூரில் அறுவைச் சிகிச்சை செய்ய நேரிடலாம் என்கிறார்கள். மூன்று இலட்சம் போதாது என்பதால், பத்து இலட்சம் தரும் வேறொரு நிறுவனத்துக்கு மாறுவதற்காக மே 25ஆம் திகதியே முகவரிடம் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். நேற்று வந்த பாலிசி முன்வரைவில் இருவரின் பெயருக்கும் நேராக, காப்பு முதன்முதலில் தொடங்கிய நாளாக, "First Inception Date: 20-07-2025" என்று இருக்கிறது. அக்கா காத்திருந்த மூன்று வருடமும் எங்கே போயின? பணம் கட்டும் இணைப்பும் கூடவே வந்துள்ளது. கட்டலாமா?

---

தலவாக்கலை கணேஷ் · 3 ஜூலை

டீச்சர், பயப்பட வேண்டியதில்லை. இந்தியாவில் 2011ஆம் ஆண்டிலிருந்தே நிறுவனம் மாறும் உரிமை இருக்கிறது. சென்னையில் இருக்கும் என் மைத்துனர் இரண்டு முறை மாறியவர். காத்திருந்த காலம் முழுவதும் தானாகவே வந்துவிடும், புதிய நிறுவனம் மறுக்கவும் முடியாது. திகதி ஏதோ தட்டச்சுப் பிழையாக இருக்கும். பணத்தைக் கட்டுங்கள், பிழை இருந்தால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற விதியும் உண்டு.

---

பண்டாரவளை சிவம் · 4 ஜூலை

டீச்சர், தயவுசெய்து இப்போது பணம் கட்ட வேண்டாம். நான் கோயம்புத்தூரில் மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் அலுவலகம் ஒன்றில் பதினொரு வருடம் வேலை செய்தவன். பிறகுதான் ஊர் திரும்பினேன். நீங்கள் சொல்வது போன்ற திகதியை அங்கே பலமுறை பார்த்திருக்கிறேன், அவற்றில் தட்டச்சுப் பிழை மிகக் குறைவு.

தம்பி கணேஷ் சொன்னதில் உரிமை இருக்கிறது என்பது சரி. ஆனால் அது மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் உரிமை. புதிய நிறுவனம் உடல்நிலையைப் பார்த்து ஏற்கலாம், கூடுதல் கட்டணம் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். ஏற்றுக்கொண்டால், பழைய இடத்தில் இடைவெளியின்றிக் கழித்த காலத்தை அது கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் விண்ணப்பம் மாற்றமாகப் போயிருந்தால்தான் அப்படி. புதிய பாலிசியாகப் போயிருந்தால் எடுப்பதற்குக் கணக்கே இல்லை. முகவர் சாதாரணப் பிரேரணைப் படிவத்தை மட்டும் நிரப்பி, மாற்றத்துக்கான போர்ட்டபிலிட்டிப் படிவத்தை இணைக்காமல் அனுப்பியிருந்தால், கணினி உங்கள் அக்காவை நேற்றுப் பிறந்த வாடிக்கையாளராகத்தான் பார்க்கும்.

30 நாள் விடயத்திலும் கவனம் தேவை. திருப்பிக் கொடுக்கும் அந்த வசதி புதிய பாலிசிகளுக்கு உரியது. புதுப்பித்தலுக்கும் வேறு நிறுவனத்திலிருந்து மாறி வந்தவற்றுக்கும் பொருந்தாது என்று பல பாலிசிகளின் நிபந்தனைகளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். புதிய பாலிசி என்று கருதித் திருப்பிக் கொடுத்தாலும், அதற்குள் பழையது காலாவதியாகியிருக்குமே.

இரண்டு காரியங்களை இன்றே செய்யுங்கள். முன்வரைவின் முதல் பக்கத்தில் எந்த வகை என்று குறிக்கும் கட்டத்தில் "New" என்றிருக்கிறதா, "Portability" என்றிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, அக்கா தம் பதிவு செய்த தொலைபேசியிலிருந்து பழைய நிறுவனத்துக்கு அழைத்து, தம் பாலிசி இலக்கத்தைச் சொல்லி, வேறு நிறுவனம் எதுவும் மாற்றத்துக்காக விவரம் கேட்டிருக்கிறதா என்று கேட்கட்டும். உண்மையான மாற்ற விண்ணப்பம் என்றால், இந்தியக் காப்பீட்டுத் தகவல் மையத்தின் இணையதளம் வழியாகப் பழைய நிறுவனத்திடம் வரலாறு கேட்கப்பட்டே இருக்கும். கேட்கவில்லை என்றால் விண்ணப்பமே போகவில்லை.

---

மஸ்கெலியா ராஜன் · 4 ஜூலை

இந்த இழையைப் பார்த்ததும் என் கேள்விக்கும் விடை கிடைக்கும் என்று தோன்றியது. நான் கொழும்பு நிறுவனம் ஒன்றில் நான்கு வருடமாக மருத்துவக் காப்புறுதி வைத்திருக்கிறேன். இன்னொரு கொழும்பு நிறுவனம் குறைந்த கட்டணத்தில் தருவதாகச் சொல்கிறது. நானும் முன்கூட்டியே மாற்றப் படிவம் கொடுத்தால் நான்கு வருடமும் கணக்கில் வருமா?

---

பண்டாரவளை சிவம் · 4 ஜூலை

ராஜன் தம்பி, நாம் பேசிக்கொண்டிருப்பது இந்தியாவின் ஐ.ஆர்.டி.ஏ.ஐ என்ற ஒழுங்குமுறை ஆணையம் தன் நாட்டு நிறுவனங்களுக்கு இட்ட விதி. கொழும்பு நிறுவனங்களை அது கட்டுப்படுத்தாது. உங்கள் விடயத்தில், காத்திருப்பைத் தள்ளுபடி செய்வதாகப் புதிய நிறுவனம் கடிதத்தில் எழுதி, அதைக் காப்புறுதிப் பத்திரத்திலும் சேர்த்தால் அதுதான் உங்கள் பிடி. விற்பனையாளர் வாயால் சொன்னதை நம்பிப் பழையதை விட்டுவிடாதீர்கள். தனி இழை தொடங்கினால் விரிவாகப் பேசலாம். இங்கே டீச்சருக்கு நாட்கள் குறைவாக இருக்கின்றன.

---

நோர்வூட் டீச்சர் · 5 ஜூலை

சிவம் ஐயா, நீங்கள் சொன்னதுதான் நடந்திருக்கிறது. கட்டத்தில் "New" என்று இருக்கிறது. அக்கா நேற்று மாலை பழைய நிறுவனத்துக்கு அழைத்து இருபது நிமிடம் காத்திருந்து கேட்டார்; அப்படியொரு கோரிக்கை வரவே இல்லை என்றார்கள். முகவரிடம் கேட்டதற்கு, "முதலில் பணம் கட்டுங்கள், பாலிசி வந்த பிறகு ஒரு திருத்தம் போட்டுச் சரிசெய்துவிடலாம்" என்கிறார்.

எனக்கு இங்கே அரச ஊழியர்களுக்கான அக்ரஹார காப்புறுதி மட்டுமே தெரியும். சம்பளத்தில் கழிவதோடு என் வேலை முடிந்துவிடும். அதனால் மே மாதமே இந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போனது. இன்னும் பதினான்கு நாட்கள்தான் இருக்கின்றன. இனி விண்ணப்பிக்க முடியுமா?

---

பூண்டுலோயா மேரி · 5 ஜூலை

டீச்சர், அந்த முகவரின் பேச்சை நம்பாதீர்கள். கூடலூரில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு ஏறக்குறைய இதுவே நடந்தது. பழைய பாலிசியின் தவணையைக் கட்டாமல் விட்டு இரண்டு மாதம் கழித்து, வேறு நிறுவனத்தில் எடுத்தார். ஐந்து வருடம் கட்டிய பழைய பத்திரங்களையெல்லாம் கொடுத்திருந்ததால் எல்லாம் தொடரும் என்று நினைத்திருந்தார். கண்புரை அறுவைக்குப் போனபோது, இந்தச் சிகிச்சைக்கு இரண்டு வருடம் ஆக வேண்டும், உங்களுக்கு ஆறு மாதம்தான் ஆகிறது என்று மறுத்துவிட்டார்கள். ஐந்து வருடப் பத்திரங்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு அவர் அந்த வைத்தியசாலை வாசலில் உட்கார்ந்திருந்ததை என் தங்கை படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

---

பண்டாரவளை சிவம் · 6 ஜூலை

மேரி அவர்களின் உறவினருக்கு நேர்ந்ததில் இரண்டு முறிவுகள் இருக்கின்றன. வருடக் கட்டணத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதையும் தாண்டியதால் சங்கிலி அறுந்தது. புதியதையும் மாற்றமாக அல்லாமல் புதிதாகவே எடுத்தார். டீச்சர் வீட்டில் முதல் முறிவு இன்னும் நேரவில்லை, அதுவே பெரிய ஆறுதல்.

பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பதை ஏன் ஏற்கக் கூடாது என்று சொல்கிறேன். புதிய பாலிசியாக வெளியான ஒன்றை நிறுவனம் அந்த உடல்நிலைக்கும் அந்தத் திகதிக்கும் விலை போட்டு விற்றிருக்கிறது. பின்னர் மாற்றமாகக் கருதச் சொன்னால், அவர்கள் பழைய வரலாற்றைப் பார்த்து முடிவெடுக்கவே இல்லையே என்று மறுக்க அவர்களுக்கு நியாயமான வழி இருக்கும். அப்போது பழைய பாலிசியும் உங்கள் கையில் இருக்காது.

விண்ணப்பத்தைப் புதுப்பிக்கும் நாளுக்கு 60 நாள் முதல் 45 நாள் வரையான இடைவெளியில் கொடுக்க வேண்டும். அக்கா கையெழுத்திட்ட மே 25 அந்த இடைவெளிக்குள் சரியாக விழுகிறது. தாமதமாக வந்த விண்ணப்பத்தைப் பரிசீலிக்க நிறுவனம் கடமைப்பட்டதல்ல, ஆனாலும் விரும்பினால் பரிசீலிக்கலாம். ஆகவே அக்காவின் பெயரில், அவருடைய மின்னஞ்சலிலிருந்து, முகவரைத் தாண்டி நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கும் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் எழுதுங்கள். மே 25ஆம் திகதியே மாற்றம் கேட்டதற்கு ஆதாரமாக முகவருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலை இணையுங்கள். நிரப்பிய போர்ட்டபிலிட்டிப் படிவம், மூன்று வருடப் பத்திரங்கள், அண்மைய இரத்தப் பரிசோதனை ஆகியவையும் கூடவே போகட்டும். கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"எங்கள் விண்ணப்பம் புதிய பாலிசிக்கானது அல்ல, நடப்பிலுள்ள பாலிசியை மாற்றுவதற்கானது. எனக்கு 20-07-2022 முதலும் என் கணவருக்கு 20-07-2024 முதலும் உள்ள தொடர்ச்சியை, சேர்ந்த போனஸுடன் பழைய காப்புத் தொகை அளவுக்கு, பாலிசி அட்டவணையில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேராகக் காட்டுமாறு கேட்கிறேன். அவ்வாறு காட்டிய முன்வரைவு கிடைத்த பின்னரே கட்டணம் செலுத்துவேன்."

அக்கா இதைத் தம் சொற்களில் எழுதினால் இன்னும் நல்லது. ஐ.ஆர்.டி.ஏ.ஐயின் மே 2024 சுற்றறிக்கையின்படி பழைய நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் வரலாற்றைத் தர வேண்டும். அது கிடைத்ததிலிருந்து ஐந்து நாட்களுக்குள் புதிய நிறுவனம் முடிவைச் சொல்ல வேண்டும். நாளையே அனுப்பினால் நேரம் போதும்.

---

தலவாக்கலை கணேஷ் · 6 ஜூலை

நான் சொன்னதை நம்பி டீச்சர் பணம் கட்டிவிடாதது நல்லதாயிற்று, மன்னியுங்கள். ஆனால் ஒரு சந்தேகம். இப்போது சரியாக மாறினால் அக்காவுக்கு 36 மாதம் முடிந்துவிட்டது என்ற கணக்கு. அப்படியானால் ஜூலை 20 முதல் பத்து இலட்சமும் முழங்காலுக்குக் கிடைக்கும்தானே?

---

பண்டாரவளை சிவம் · 6 ஜூலை

மன்னிப்பு எதற்கு, தம்பி. நீங்கள் கேட்டதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள்.

காத்திருந்த காலம் பழைய தொகைக்கு மட்டுமே உரியது. அக்காவின் பழைய தொகை மூன்று இலட்சம், போனஸ் 60,000. ஆக 3,60,000 ரூபாய்க்குத்தான் மூன்று வருடம் கழிந்திருக்கிறது. மீதி 6,40,000 ரூபாய்க்கு ஜூலை 20ஆம் திகதிதான் முதல் நாள். முழங்கால் மூட்டு மாற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் 24 மாதம் காத்திருப்பு இருக்கும். இந்த வருடம் நவம்பரில் அறுவை நடந்து 4,10,000 ரூபாய் பில் வந்தது என்று வையுங்கள். நிறுவனம் 3,60,000 வரைதான் தரும். மீதி 50,000 ரூபாய் அக்காவின் கையிலிருந்து போகும். 2027 ஜூலைக்குப் பிறகு செய்தால், மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, முழுவதும் கிடைக்கும். சீனி வருத்தத்துக்கு அந்தக் கூடுதல் தொகை 2028 ஜூலையில்தான் திறக்கும். வலியோடு இருப்பவரை இரண்டு வருடம் பொறுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 50,000 ரூபாயை முன்கூட்டியே ஒதுக்கி வைக்க இந்தக் கணக்கு உதவும்.

அத்தானுக்கு நிலைமை வேறு. அவருக்கு 12 மாதம்தான் ஆகியிருக்கிறது. முன்பே இருந்த நோய் ஏதாவது இருந்தால், பழைய தொகைக்கு இன்னும் 24 மாதமும் கூடுதல் தொகைக்கு 36 மாதமும் போக வேண்டும். ஒரே பாலிசி என்பதால் இருவருக்கும் ஒரே கணக்கு என்று நினைத்துவிடக் கூடாது.

புதிய பாலிசியில் ஏதாவது ஒரு சிகிச்சைக்குக் காத்திருப்பு பழையதைவிட நீளமாக இருந்தால், அந்த வித்தியாசத்தை மட்டும் அக்கா கழிக்க வேண்டியிருக்கலாம். மூட்டு மாற்று பழையதில் எத்தனை மாதம், புதியதில் எத்தனை மாதம் என்று இரண்டு பத்திரங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

---

நோர்வூட் டீச்சர் · 8 ஜூலை

நேற்றுக் காலை அக்கா மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். இரண்டு பத்திரங்களிலும் மூட்டு மாற்றுக்கு 24 மாதம்தான் என்பதையும் பார்த்துவிட்டேன். இன்று நிறுவனத்திலிருந்து ஒருவர் அழைத்து, தவறு நடந்திருப்பதாகவும் விண்ணப்பத்தை மாற்றமாகப் பதிவதாகவும் சொன்னார். மூன்று மாதச் சராசரி இரத்தச் சீனிப் பரிசோதனை ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள். அக்கா குன்னூருக்குப் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்.

இன்னொரு விடயம். அத்தானுக்குக் கடந்த டிசம்பரில் இரத்த அழுத்தம் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டு, மாத்திரை எடுக்கிறார். முகவர் அதைப் படிவத்தில் எழுத வேண்டாம் என்று சொன்னாராம். நான் எழுதச் சொல்லிவிட்டேன். செய்தது சரிதானே?

---

பண்டாரவளை சிவம் · 8 ஜூலை

மிகவும் சரி. மறைத்த ஒரு மாத்திரை, பின்னாளில் சம்பந்தமில்லாத கோரிக்கையையும் கெடுக்கும். 60 மாதம் தொடர்ந்த பின்னர், மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, மறைத்தார் என்று காட்டி மறுக்க முடியாது. அத்தான் அந்த இடத்துக்கு இன்னும் வெகுதூரம் வரவேண்டும்.

அழுத்தம் டிசம்பர் 2024இல் கண்டறியப்பட்டது. அவர் சேர்ந்தது அதற்கு ஐந்து மாதம் முன்னர். ஆகவே பழைய தொகையைப் பொறுத்தவரை அது முன்பே இருந்த நோய் அல்ல என்பது என் உறுதியான கருத்து. கூடுதல் தொகைக்கு மட்டும் அது முன்பே இருந்ததாகும்.

---

கண்டி வாசகி · 9 ஜூலை

சிவம் அவர்களின் கருத்தை மதிக்கிறேன், ஆனால் நடைமுறை அப்படி இருக்குமா என்று எனக்கு ஐயம். திருச்சியில் என் தங்கை மாறியபோது, புதிய நிறுவனம் அவளுக்கு இடையில் வந்த தைராய்டை அட்டவணையில் முன்பே இருந்த நோய் என்றே எழுதியது. தொகையைப் பிரித்து எதுவும் எழுதவில்லை. கேட்டதற்கு, எங்கள் பாலிசி தொடங்கும் நாளைத்தான் நாங்கள் பார்ப்போம் என்றார்கள்.

---

பண்டாரவளை சிவம் · 9 ஜூலை

அப்படி எழுதுகிறார்கள் என்பது உண்மை, அம்மா. எழுதுவதாலேயே அது சரியாகிவிடாது. தொடர்ச்சியை ஏற்றுக்கொண்ட தொகைக்குத் தொடக்க நாள் பழைய நாள்தானே? உங்கள் தங்கை அந்த வரியை எழுத்தில் ஆட்சேபித்தாரா? ஆட்சேபித்தும் பதில் வராவிட்டால், ஐ.ஆர்.டி.ஏ.ஐயின் பீமா பரோசா முறைப்பாட்டுத் தளத்திலும், அதன் பிறகு சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் போகலாம்.

---

கண்டி வாசகி · 9 ஜூலை

ஆட்சேபிக்கவில்லை. நோய் சிறியது என்று விட்டுவிட்டாள். இனிமேல் கேட்கச் சொல்கிறேன்.

---

நோர்வூட் டீச்சர் · 16 ஜூலை

இன்னும் முடிவு வரவில்லை. பழைய நிறுவனம் 10ஆம் திகதியே வரலாற்றை அனுப்பிவிட்டதாக உறுதி செய்திருக்கிறது. மூன்று நாட்கள்தான் இருக்கின்றன. சலுகைக் காலம் 30 நாள் இருப்பதால் காத்திருக்கலாமா?

---

பண்டாரவளை சிவம் · 16 ஜூலை

அதற்காகக் காத்திருக்க வேண்டாம். சலுகைக் காலத்தில் தொடர்ச்சி காக்கப்படும், ஆனால் கட்டாமல் இருக்கும் அந்த நாட்களில் வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தால் காப்பு இருக்காது. ஐந்து நாள் கடந்துவிட்டதைக் குறிப்பிட்டு இன்றே நினைவூட்டுங்கள். 18ஆம் திகதி மாலைக்குள் எழுத்தில் முடிவு வராவிட்டால், பழைய பாலிசியையே இருவருக்கும் புதுப்பித்துவிடுங்கள். ஒரு வருடம் தள்ளிப்போகும், ஆனால் அக்காவின் மூன்று வருடமும் பத்திரமாக இருக்கும். அடுத்த மே 21ஆம் திகதி புதிதாகக் கேட்கலாம்.

---

நோர்வூட் டீச்சர் · 18 ஜூலை, இரவு

இன்று பிற்பகல் மூன்று மணிக்குத் திருத்திய முன்வரைவு வந்தது. கட்டத்தில் "Portability" என்று இருக்கிறது. அக்காவுக்கு நேராக 20-07-2022, அத்தானுக்கு நேராக 20-07-2024. அக்காவின் சீனிக்காகக் கட்டணத்தைக் கூட்டியிருக்கிறார்கள். அதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் தொடர்ச்சித் தொகை 3,00,000 என்று மட்டும் இருந்தது. போனஸை விட்டிருந்தார்கள். உடனே அழைத்து, பழைய பாலிசியின் கடைசி அட்டவணையை மீண்டும் அனுப்பினோம். ஆறரை மணிக்கு 3,60,000 என்று திருத்தி வந்த பின்னர்தான் அக்கா பணம் கட்டினார்.

அத்தானின் இரத்த அழுத்தம் கண்டி வாசகி சொன்னது போலவே, தொகையைப் பிரிக்காமல், முன்பே இருந்த நோய் என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரியை ஏற்கவில்லை என்று, பணம் கட்டுவதற்கு முன்னரே அக்கா ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.